கத்தாதவரிடம் என்ன குறை?

கேள்வி: "ஐ.டி. நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு அப்ரைசலில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ் போதாது' என்று எழுதிவிட்டார்கள். நான் யாரிடமும் கத்தியதே இல்லை. கோபம் வந்தால் அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். அப்புறம் எது குறை? இது பிறவிக் குணமா, கற்றுக்கொள்ள முடியுமா?"

நீங்கள் எழுதியதில் 'அடக்கிக்கொண்டு' என்ற ஒரு சொல் என்னை நிறுத்தியது. உளவியல் படித்துவிட்டு, மருத்துவமனைகளிலும் வங்கிக் கிளைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். உங்களைப் போலவே, "நான் அமைதியானவன், என்மேல் ஏன் இந்தப் புகார்?" என்று கேட்டவர்கள் பலர். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் மேலாளர் எழுதியது சரியா தவறா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசாமல் இருப்பவரிடமும் அந்தக் குறை இருக்க முடியுமா என்றால், முடியும். அது எங்கே இருக்கக்கூடும் என்பதைத்தான் கீழே விளக்க முயல்கிறேன்.

முதலில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் அப்ரைசல் படிவங்களில் அது மிகவும் தளர்வாகப் புழங்குகிறது. 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை ஒரு திறனாக வரையறுத்தார்கள். தன்னிடமும் பிறரிடமும் எழும் உணர்வுகளைக் கவனிப்பது, அவற்றைப் பிரித்து அறிவது, அந்த அறிவைக் கொண்டு சிந்தனையையும் செயலையும் நடத்துவது என்பதே அவர்கள் சொன்னது. 1995இல் டேனியல் கோல்மன் என்ற அறிவியல் செய்தியாளர் எழுதிய நூல் இதை உலகமெங்கும் கொண்டுசென்றது. அந்தப் பயணத்தில் ஊக்கம், விடாமுயற்சி, தலைமைப் பண்பு என எல்லாமே இதற்குள் வந்து சேர்ந்துகொண்டன. ஆகவே இன்று ஒரு மேலாளர் இந்தச் சொல்லை எழுதும்போது, "இவர் மற்றவர்களைப் புண்படுத்துகிறார்" என்று சொல்ல வருகிறாரா, "கூட்டங்களில் ஒதுங்கி நிற்கிறார்" என்று சொல்ல வருகிறாரா, அல்லது "நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதில்லை" என்று சொல்ல வருகிறாரா என்பது படிவத்தைப் பார்த்தால் தெரியாது. மூன்றாவது பொருளில் எழுதப்பட்டவற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 'தன்னடக்கம்' என்றால் நமக்குப் பணிவு. அது உயர்ந்த குணம். 'கோபத்தை அடக்கு' என்றால் அதை உள்ளே போட்டு மூடி வை என்று பொருள். அதையும் நற்குணமாகவே சொல்லி வளர்க்கிறோம். இந்தத் துறையில் பேசப்படும் கட்டுப்பாடு இந்த இரண்டிலும் சேராது. அதனால் நான் 'தற்கட்டுப்பாடு' என்றே எழுதுகிறேன். அதற்குள்ளும் பல வழிகள் உள்ளன என்பதையும், அவற்றில் மிகக் கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியதைத்தான் நீங்கள் முதலில் எடுக்கிறீர்கள் என்பதையும் இனிச் சொல்கிறேன்.

உணர்வுகளை மனிதர்கள் எப்படி நெறிப்படுத்துகிறார்கள் என்பதை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிராஸ் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். ஓர் உணர்வு திடீரென்று குதித்து வருவதில்லை, அது படிப்படியாக உருவாகிறது, ஒவ்வொரு படியிலும் நாம் தலையிடலாம் என்பது 1998இல் அவர் முன்வைத்த விளக்கம். சூழலைத் தேர்ந்தெடுக்கலாம், சூழலை மாற்றலாம், கவனத்தை வேறிடம் திருப்பலாம், நடந்ததற்கு நாம் கொடுக்கும் பொருளை மாற்றிப் பார்க்கலாம். இவை எல்லாம் தவறிய பின், உணர்வு முழுவதுமாக எழுந்துவிட்ட நிலையில், அது முகத்திலும் குரலிலும் தெரியாமல் மறைக்கலாம். இந்தக் கடைசிப் படிதான் அடக்குதல். கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993இல் வெளியிட்ட சோதனையில், அருவருப்பூட்டும் படக்காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்று சொல்லப்பட்டது. அவர்கள் முகத்தில் காட்டவில்லை. ஆனால் உள்ளே உணர்ந்த அருவருப்பு குறையவும் இல்லை, உடலின் உட்கிளர்ச்சியோ மற்றவர்களைவிடச் சில வகையில் கூடியிருந்தது. குக்கரின் வெயிட்டைக் கையால் அழுத்திப் பிடித்தால் விசில் சத்தம்தான் நிற்கும்.

இதனால் உங்களுக்கு இரண்டு இழப்புகள் நேரலாம். ஒன்று நினைவு சார்ந்தது. முகத்தை மறைப்பதில் மும்முரமாக இருந்தவர்கள், அந்த நேரத்தில் தங்களுக்குச் சொல்லப்பட்ட செய்திகளை மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் 2000இல் காட்டினார்கள். நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. அலுவலகத்தில் இது எப்படித் தெரியும் என்றால், கூட்டத்தில் உங்கள் வேலையைக் குறைசொல்கிறார்கள், நீங்கள் கல் போல உட்கார்ந்து சமாளிக்கிறீர்கள், வெளியே வந்த பிறகு அந்த அரைமணி நேரத்தில் முடிவானவற்றில் பாதி உங்களுக்கு நினைவில்லை. மறுநாள் அதையே திரும்பக் கேட்கிறீர்கள். "இவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை" என்று எதிரில் இருப்பவர் முடிவு கட்டுகிறார். மற்றொன்று எதிரில் இருப்பவருக்கு நேர்வது. எமிலி பட்லரும் உடனிருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத பெண்கள் இருவர் இருவராக மனத்தை உலுக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடினார்கள். இருவரில் ஒருவரிடம் மட்டும் உணர்வைக் காட்டாமல் பேசும்படி சொல்லப்பட்டிருந்தது. மற்றவருக்கு அது தெரியாது. அப்படி அடக்கிக்கொண்டு பேசியவருடன் உரையாடியவர்களின் இரத்த அழுத்தம் கூடியது, பேச்சும் ஒட்டாமல் போனது. உங்கள் மௌனம் உங்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இதே பட்லர் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆசியப் பண்பாட்டு மதிப்புகளை அதிகம் ஏற்ற பெண்களிடம் அடக்குதலின் தீய விளைவுகள் குறைவாகவே காணப்பட்டன. பெரியவர் முன் குரல் உயர்த்தாமல் இருப்பதை மரியாதையாகக் கருதும் இடத்தில், அமைதியான முகத்தை எல்லோரும் விரோதமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. அதை அப்படியே சென்னைக்கோ கோவைக்கோ பொருத்திவிட முடியாது. ஆயினும் நம் ஊர் அலுவலகங்களில் நான் கண்டதை வைத்துச் சொன்னால், மேலே இருப்பவரிடம் காட்டும் மௌனம் மரியாதையாகப் போய்விடுகிறது. நமக்குக் கீழே வேலை செய்பவரிடமும் வெளியிலிருந்து வருபவரிடமும் காட்டும் அதே மௌனம்தான் அலட்சியமாகப் படிக்கப்படுகிறது.

இனி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் ஆறு ஆண்டுகள் வேலை செய்த பெண். கணக்கில் பிசகாதவர், குரல் உயர்த்தாதவர். அவர்மீது மூன்று மாதங்களில் நான்கு புகார்கள் வந்தன, நான்கிலும் 'மரியாதைக் குறைவு' என்றே எழுதியிருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஒரு வார்த்தைகூட தப்பா சொல்லல சார்" என்றார். நான்காவது புகாருக்குக் காரணமான மாலையை இருவரும் உட்கார்ந்து நிமிடம் நிமிடமாக மீட்டிப் பார்த்தோம். அன்று காலை பத்து மணி ரவுண்ட்ஸில் ஒரு முதியவருக்கு டிஸ்சார்ஜ் எழுதப்பட்டது. வார்டில் மீந்த மருந்துகளைப் பார்மஸிக்குத் திருப்பி, ஆய்வகக் கட்டணங்களைச் சேர்த்து, இறுதி பில் தயாராக மதியம் ஒரு மணி ஆனது. அது காப்பீட்டு ஒப்புதலுக்குப் போனது. முதியவரின் மகன் இரண்டு மணிக்கு வந்து கேட்டார், மூன்றரைக்கு வந்தார், ஐந்துக்கு வந்தார். ஐந்தே முக்காலுக்கு நான்காம் முறை வந்து, "காலையில இருந்து உட்கார வெச்சிருக்கீங்க, மனுஷங்களா நீங்க?" என்று கத்தினார். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ரூவல் வரணும் சார். நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். நடந்தது இவ்வளவுதான்.

அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், டென்ஷன்" என்றார். 'டென்ஷன்' என்பது நம் அலுவலகங்களில் எல்லா உணர்வுக்கும் போடும் ஒரே மூட்டை. அதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து வேறொன்று வெளிவந்தது. நான்கரை மணிக்குக் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கப் போனபோது, அங்கிருந்த மேற்பார்வையாளர் இரண்டு பயிற்சி மாணவிகள் முன்னால், "சும்மா சும்மா வந்து கேட்டா சீக்கிரம் வந்துடுமா?" என்று இவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆக ஐந்தே முக்காலுக்கு இவருக்குள் இருந்தது அந்த மகன்மேல் வந்த கோபம் மட்டுமன்று. பிறர் முன் சிறுமைப்பட்ட கூச்சமும், கையில் அதிகாரம் எதுவும் இல்லாத இயலாமையும் அதன் அடியில் இருந்தன. "நாங்க என்ன பண்ண முடியும்" என்ற சொற்கள் அந்த இயலாமையிலிருந்து வந்தவை. கேட்டவர் காதில் அவை "உன் பிரச்சினை எனக்கு எதற்கு" என்று விழுந்தன.

தன்னை அறிதல் என்று இந்தத் துறை சொல்வது இந்த அளவு நுணுக்கத்தைத்தான். "எனக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்" என்பது போதாது. எந்த உணர்வு, எதனால், யார்மேல் எழுந்து யார்மேல் இறங்குகிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த அடி சரியாக விழும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்வுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அச்சத்துக்குச் சொன்ன நான்கில் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு 'தம் இறை'யும் இருப்பது, மேலதிகாரியின் அறைக்குள் நுழையும் முன் நெஞ்சு படபடக்கும் எவருக்கும் வியப்பாக இராது. அது செய்யுளுக்கான இலக்கணம், பணியிடத்துக்கான கையேடு அன்று. ஆனாலும் சிறுமைப்படும் உணர்வான இளிவரலையும் கோபமான வெகுளியையும் தனித்தனியாக வைத்த ஒரு மொழியில் பிறந்துவிட்டு, இரண்டையும் 'டென்ஷன்' என்று ஒரே சாக்கில் கட்டுகிறோமே என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

உணர்வுக்குப் பெயரிடுவதால் பயன் உண்டா என்றால், ஓரளவு உறுதியாகவே உண்டு என்பேன். மேத்யூ லீபர்மனும் குழுவினரும் 2007இல் மூளைப் படப்பிடிப்பின் துணையோடு செய்த சோதனையில், கோபமோ அச்சமோ காட்டும் முகப்படத்துக்கு அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சம் போன்ற உணர்வுகள் எழும்போது முனைந்து செயல்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது. ஆய்வகத்தில் படம் பார்ப்பதும் கவுண்டரில் ஒருவர் கத்துவதும் ஒன்றல்ல என்பதால், இதை மந்திரம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறையில் நான் செய்யச் சொல்வது எளிது. இரண்டு வாரங்களுக்கு, நாளுக்கு ஒரு நிகழ்வு மட்டும், மூன்று வரிகள். முதல் வரியில் நடந்ததை, கேமரா பார்த்ததைப் போல, கருத்துச் சேர்க்காமல் எழுதுங்கள். "அவர் என்னை மட்டம் தட்டினார்" என்பது கருத்து, "என் பேச்சு முடியும் முன் அவர் அடுத்தவரைப் பேசச் சொன்னார்" என்பது நடந்தது. இரண்டாம் வரியில் உடலில் தெரிந்ததை எழுதுங்கள்: தாடை இறுகியதா, தட்டச்சு வேகமானதா, காது சூடானதா. மூன்றாம் வரியில் அந்த உணர்வுக்கு, 'டென்ஷன்', 'கடுப்பு' என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்து, ஒரு பெயர் வையுங்கள். ஏழெட்டு நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தப் பெண்ணுக்கு அது, கண்ணைத் திரையோடு ஒட்டிக்கொள்வது. மின்னஞ்சலில் "நான் ஏற்கெனவே சொன்னதுபோல" என்று எழுதத் தொடங்கினால் தனக்குள் ஏதோ கொதிக்கிறது என்று கண்டுகொண்ட ஒரு கணக்கரையும் எனக்குத் தெரியும்.

ஒத்துணர்வுக்கு வருவோம். "அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி. அந்த அறிவுரையை நான் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு சொல்லி வந்தேன், இப்போது குறைத்துக்கொண்டுவிட்டேன். டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரையில் 25 சோதனைகள் இடம்பெற்றன. பிறர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்தவர்கள், அவர்கள் மனத்தில் இருப்பதைக் கூடுதலாகச் சரியாகக் கணிக்கவில்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவு. பிறரிடம் நேரே கேட்டறிந்தபோதுதான் துல்லியம் கூடியது. நான் உங்கள் இடத்தில் என்னை வைத்தால், அங்கே உட்காருவது நானாகத்தான் இருப்பேன், நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

பில்லிங் கவுண்டர் நிகழ்வில் இது கண்கூடாகத் தெரிந்தது. அந்த மகனுக்கு என்ன கவலை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, "பணம்தான் சார், எவ்வளவு கைக்காசு கட்டணும்னு பயம்" என்றார். தானே ஒருமுறை மாமியாரின் சிகிச்சைக்காக அப்படிப் பயந்தவர் அவர். புகாரை விசாரித்தபோது மகன் சொன்னது வேறு. டிஸ்சார்ஜ் என்று கணினியில் பதிந்தவுடன் அந்த அறைக்கு உணவு அனுப்புவதைச் சமையலறை நிறுத்திவிடுகிறது. அப்பா சர்க்கரை நோயாளி. மதியம் கேன்டீனில் வாங்கிய இரண்டு இட்லியோடு இருந்தார். மாலையில் கை நடுங்கத் தொடங்கியது. வார்டில் கேட்டால், "உங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆயிடுச்சே, பில்லிங்ல கேளுங்க" என்றார்கள். அவர் நான்காம் முறை வந்தது ஒப்புதலைப் பற்றிக் கேட்க மட்டும் அன்று. ஆனால் அதை அவரும் சொல்லவில்லை. கோபத்தில் இருப்பவர் காரணத்தை வரிசைப்படுத்திச் சொல்வதில்லை. "சார், இப்போ உடனடியா என்ன வேணும் உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது வெளிவந்திருக்கும். ஒப்புதலை விரைவுபடுத்த அந்தப் பெண்ணால் முடியாது. சமையலறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, வார்டு செவிலியரிடம் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லி ஒரு சொல். இரண்டும் அவரால் முடிந்தவை, இரண்டு நிமிட வேலை.

ஆகவே ஒத்துணர்வு என்பதைக் கனிவான முகபாவம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எதிரில் இருப்பவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஊகத்தை ஊகம் என்று அறிந்து, கேட்டுச் சரிபார்ப்பதே அதன் வேலை செய்யும் பகுதி. உங்கள் துறையில் பேச்சின் பெரும்பகுதி எழுத்தில் நடப்பதால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஜஸ்டின் குரூகரும் குழுவினரும் 2005இல் செய்த சோதனைகளில், மின்னஞ்சலில் தாங்கள் கேலியாக எழுதியதையும் உண்மையாக எழுதியதையும் படிப்பவர் எளிதில் பிரித்தறிவார் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்ததோ, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்ற அளவில்தான். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது, படிப்பவருக்கு அது கேட்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஜூனியர் அனுப்பிய விளக்கத்துக்கு நீங்கள் வெறும் "ஓகே" என்று பதில் போடும்போது, உங்கள் மனத்தில் அது ஒப்புதலாக இருக்கலாம். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர் என்று உங்களை ஏற்கெனவே அறிந்த ஒருவருக்கு அந்த "ஓகே" அன்றிரவு தூக்கத்தைக் கெடுக்கப் போதும். விஷயம் சிக்கலானது என்று தோன்றினால் எழுதாமல் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்போது தற்கட்டுப்பாட்டுக்குத் திரும்பலாம். என்ன உணர்வு என்பதும் எதிராளிக்கு என்ன தேவை என்பதும் ஓரளவு தெரிந்த பிறகு, அடக்க வேண்டிய அளவே குறைந்துவிடுகிறது என்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கண்டது. "இவர் என்னைத் திட்டுகிறார்" என்பது "இவர் அப்பாவின் கை நடுங்குகிறது" என்று மாறும்போது, மூட வேண்டிய கொதிப்பே தணிகிறது. கிராஸ் சொல்லும் படிகளில் பொருளை மாற்றிப் பார்ப்பது என்பது இதுதான். அது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது ஆகாது; மாற்றிய பொருள் உண்மையாகவும் இருக்க வேண்டும். கொடுமைக்காரரான ஒரு மேலாளரைப் பற்றி, "பாவம், அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ" என்று ஆண்டுக்கணக்கில் பொருள் சொல்லிக்கொண்டே இருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்; அங்கே மாற்ற வேண்டியது சூழல். முந்தைய படிகளும் கைக்கு எட்டாதவை அல்ல. வழக்கமாக உங்களைச் சீண்டும் வாராந்தரக் கூட்டத்துக்கு முந்தைய நாளே அந்த நபரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிடுவது சூழலை மாற்றுவது. கூட்டத்தில் சூடாகும்போது, சொல்லப்படுவதைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது கவனத்தைத் திருப்புவது. நினைவிழப்புக்கும் அது மருந்து. மௌனமாக இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அந்த மௌனத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்: "இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. யோசித்துவிட்டு நாளை காலை பதினொரு மணிக்குப் பேசுகிறேன்." சொன்ன நேரத்தில் பேசியும் விடுங்கள், பேசாவிட்டால் அந்த வாக்கியம் அடுத்த முறை பயன்படாது.

அடக்குவது தவறென்றால் கொட்டித் தீர்த்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். டீக்கடையில் நின்று மேலாளரைப் பற்றி அரைமணி நேரம் பொரிந்து தள்ளினால் மனம் லேசாகும் என்பது பரவலான நம்பிக்கை. பிராட் புஷ்மன் 2002இல் செய்த சோதனையில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை. எதுவும் செய்யாமல் சும்மா இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதல் கோபத்தோடும் ஆவேசத்தோடும் இருந்தார்கள். நண்பரிடம் பேசுவதே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ளப் பேசுவது வேறு, அதே காட்சியை ஐந்தாம் முறை ஓட்டிப் பார்ப்பது வேறு.

இது பிறவிக் குணமா என்ற கேள்விக்கு, எவ்வளவு விரைவில் கொதிக்கிறோம் என்பதில் பிறப்பின் பங்கு உண்டு, கொதித்ததைக் கண்டுகொள்வதும் கேட்டறிவதும் பழக்கத்தால் வரும் என்று சொல்வேன். பயிற்சியால் முன்னேறலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் வாரக்கடைசியில் ஹோட்டல் அரங்கில் நடக்கும் ஒருநாள் பயிலரங்கால் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை, அப்படிப்பட்ட பல பயிலரங்குகளை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் இதுதான் என்று பயிற்சியாளர் யாராவது சொன்னால், அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. டானா ஜோசப், டேனியல் நியூமன் ஆகியோர் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாடிக்கையாளர் சேவை போல உணர்வைக் காட்டியோ மறைத்தோ ஆக வேண்டிய வேலைகளில் இந்தத் திறன் உதவியது. அத்தகைய தேவை குறைந்த வேலைகளில் அந்த உதவி தெரியவில்லை. தனியே உட்கார்ந்து கோடு எழுதும் நாட்களில் உங்களுக்கு இது பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. எட்டு ஆண்டுகளில் நீங்கள் மற்றவர்களின் வேலையை மேற்பார்க்கும் இடத்துக்கு வந்திருந்தால், இந்த ஆண்டு திடீரென்று இந்தக் குறிப்பு வந்ததன் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அளவீடு பற்றியும் ஐயம் உண்டு. "நான் பிறர் உணர்வை நன்கு புரிந்துகொள்வேன்: ஆம், ஓரளவு, இல்லை" என்று தானே டிக் செய்யும் வினாத்தாள்கள் நம் தன்மதிப்பைத்தான் அளக்கின்றன. இந்தத் திறன் குறைந்தவர்களே தங்களை மிகவும் கூட்டி மதிப்பிட்டார்கள் என்றும், மதிப்பெண்ணைக் காட்டியபோது அது தவறான சோதனை என்று தள்ளிவிடும் போக்கும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது என்றும் ஆலிவர் ஷெல்டன், டேவிட் டன்னிங், டேனியல் ஏம்ஸ் ஆகியோர் 2014இல் எழுதினார்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த ஆய்வைப் படித்துவிட்டு நானும் ஒரு வாரம் சங்கடத்தோடுதான் இருந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் பில்லிங் பெண் ஆறு வாரங்கள் முயன்றார். வருபவர் முகத்தை முதலில் பார்ப்பது, உடனடித் தேவையைக் கேட்பது, அடுத்து எத்தனை மணிக்குத் தகவல் சொல்வோம் என்று தானே முன்வந்து சொல்வது, இந்த மூன்றுதான். அந்த ஆறு வாரங்களில் புகார் வரவில்லை. ஒப்புதலுக்கான காத்திருப்பு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. மாலை நேரத்தில் அந்தக் கவுண்டரில் ஒருவர்தான் என்பதும் மாறவில்லை. உணவு நிறுத்தும் பதிவை, நோயாளி அறையை விட்டுக் கிளம்பிய பிறகு செய்யும்படி மாற்ற வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம்; அது நிறைவேற ஐந்து மாதம் ஆனது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹோக்சைல்டு, சம்பளத்துக்காகப் புன்னகையை வரவழைப்பதும் ஓர் உழைப்பே என்று 1983இல் எழுதினார். ஆள் பற்றாக்குறையையும் கெட்ட நடைமுறையையும் மறைக்க, "ஊழியர்களுக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ் பயிற்சி கொடுங்கள்" என்று என்னை அழைத்த இடங்களும் உண்டு. உங்கள் அலுவலகம் அப்படிப்பட்டதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால் முதல் வேலையாக உங்கள் மேலாளரிடம் போய், "நீங்கள் எழுதியதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். கடந்த ஆறு மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல முடியுமா? அப்போது நான் என்ன செய்தேன், நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அவர் சொல்லும்போது தாடை இறுகினால் அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே விளக்கம் கொடுக்கத் தொடங்க வேண்டாம். பிறகு அதே நிகழ்வுகளைப் பற்றி, அங்கே இருந்த, உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவரிடமும் கேளுங்கள். மேலாளர் பார்க்காத பக்கத்தை அவர் பார்த்திருப்பார். அவர் உடனே உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டாம் முறை கேட்கும்போதுதான் சொல்வார்கள். மேலாளரால் ஒரு நிகழ்வைக்கூடச் சொல்ல முடியாவிட்டால், அந்தக் குறிப்பைத் திருத்தும்படி எழுத்தில் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது.